உதவி: "100 டன், ±0.01 மி.மீ." என்று எழுதிய படக்குறிப்பில் என்ன பிழை?

புதுத்தகடு
வணக்கம். எங்கள் இயந்திரத்தின் படத்துக்குக் கீழே போட இப்படி எழுதினேன்: "100 டன் திறன், 3 மீட்டர் நீளம், ±0.01 மி.மீ. துல்லியம்." இதைப் பார்த்த ஒருவர், "6 மி.மீ. தகட்டை முழு நீளத்துக்கு வளைக்குமா?" என்று கேட்டார். விற்பனைப் பிரிவில் "ஆம்" என்று சொல்லிவிட்டார்கள். சோதனையில் பாதியில் நின்றுவிட்டது. இன்று மாலைக்குள் குறிப்பைத் திருத்த வேண்டும், உதவுங்கள்.

மீட்டர்கோல்
எந்த இயந்திரம்? எந்த உலோகம்? எந்த டை? இவை மூன்றும் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

வெள்ளைப்பலகை
எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, டன் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள். படக்குறிப்பு என்றால் அதுதான் முக்கியம்.

புதுத்தகடு
மன்னிக்கவும். பிரஸ் பிரேக், தகடு வளைப்பது. மைல்ட் ஸ்டீல். தகடு அமர்ந்து வளையும் டையின் வாய் 48 மி.மீ.

பழையபஞ்ச்
இதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வாய் 48 மி.மீ. என்றால் 6 மி.மீ. தகட்டுக்கு எட்டு மடங்கு, வழக்கமான அளவுதான். கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்த்தீர்களா?

```
F = 1.42 × S × t² × L / V
F = 1.42 × 450 × 36 × 3 / 48 ≈ 1438 kN
```

F தேவையான விசை. S தகட்டின் இழுவலிமை, மெகாபாஸ்கலில். t தகட்டின் தடிமன், V டையின் வாய், இரண்டும் மில்லிமீட்டரில். L வளைக்கும் நீளம், மீட்டரில். 100 டன் என்பது சுமார் 981 kN. உங்களுக்குத் தேவைப்பட்டது கிட்டத்தட்ட 147 டன். நிற்காமல் என்ன செய்யும்?

நீலச்சட்டை
வாயை 72 ஆக்கினால் அதே தகட்டுக்கு 958 kN போதுமே! விற்பனைப் பிரிவு சொன்னது தவறில்லை.

பழையபஞ்ச்
வளையும், ஆனால் உள் வளைவு பெரிதாகும். 48க்கு ஆரம் சுமார் 8 மி.மீ., 72க்குச் சுமார் 12. மடிப்பின் குறைந்தபட்ச அகலமும் ஏறக்குறைய 34இலிருந்து 50 மி.மீ.க்குப் போய்விடும். வாங்குபவரின் வரைபடத்தில் 40 மி.மீ. மடிப்பு இருந்தால் என்ன செய்வீர்கள்?

நீலச்சட்டை
அந்த 1.42 எங்கிருந்து வந்தது? எங்கள் பட்டறையில் 1.33 போடுகிறோம்.

மீட்டர்கோல்
இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. 1.33 போட்டாலும் 1347 kN வருகிறது. இயந்திரம் நிற்கத்தான் செய்யும். சண்டையை விடுங்கள்.

நீலச்சட்டை
சண்டை இல்லை, ஐயா. எண்ணை எழுதும்போது சூத்திரத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

கத்தரிக்காரர்
எங்களுக்கும் இதே தொல்லை. தகடு வெட்டும் இயந்திரத்தில் "6 மி.மீ. வெட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெட்டியபோது கத்தி சிதைந்தது. உலோகத்தின் பெயரைச் சேர்த்திருந்தால் தப்பியிருப்போம்.

மீட்டர்கோல்
அதுதான் விஷயம். புதுத்தகடு, "100 டன்" என்பதை வாங்குபவர் தன் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. "3 மி.மீ. மைல்ட் ஸ்டீல், 3 மீட்டர், 24 மி.மீ. டை" என்றால் ஒப்பிடலாம். அதற்கு 719 kN போதும், ஏறக்குறைய முக்கால் சுமை. 4 மி.மீ.யும் 32 டையில் 959 kN ஆகிறது, எட்டும்தான். ஆனால் வருகிற தகட்டின் இழுவலிமை 500 ஆக இருந்தால் 1065. அன்றைக்கு இதே புகார் மறுபடி வரும். ஆகவே நான் 4ஐ எழுத மாட்டேன்.

±0.01 எதைக் குறிக்கிறது? மேல் பீம் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்பதையா?

புதுத்தகடு
ஆமாம், பீமைத்தான் அளந்தோம்.

மீட்டர்கோல்
அப்படியே எழுதுங்கள். வாங்குபவர் பார்ப்பது கோணத்தை. 24 மி.மீ. டையில், 90 பாகைக்கு அருகில், பீம் 0.01 நகர்ந்தால் கோணம் சுமார் 0.05 பாகை மாறும். தகட்டின் தடிமன் 0.1 வேறுபட்டால் அதைவிடப் பல மடங்கு மாறும், அது உங்கள் இயந்திரத்தின் குற்றமல்ல. ஒரே சுருளிலிருந்து எடுத்த துண்டுகளை முழு நீளத்துக்கு வளைத்து, இரு முனையிலும் நடுவிலும் கோணத்தை அளந்து, அந்த முடிவைப் போடுங்கள்.

பழையபஞ்ச்
நடுவில் கோணம் விரிந்திருந்தால் படுக்கை தொய்கிறது என்று அர்த்தம். அந்தத் தொய்வை ஈடுகட்டும் கிரௌனிங் இருக்கிறதா, இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள். அதை மறைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

வெள்ளைப்பலகை
இவ்வளவும் ஒரு படத்துக்குக் கீழே கொள்ளுமா?

புதுத்தகடு
எழுதியது: "3 மி.மீ. மைல்ட் ஸ்டீல் (இழுவலிமை 450), 3 மீட்டர், 24 மி.மீ. டை: உயர்ந்த சுமையில் முக்கால் பங்கு. 6 மி.மீ., 48 மி.மீ. டை: 2 மீட்டர் வரை. பீம் மீள்நிலை ±0.01 மி.மீ. கோணம்: அளந்த தாளைக் கேட்டுப் பெறலாம்." முதலாளி 4 மி.மீ. போடச் சொல்கிறார். பேசிவிட்டு வருகிறேன்.

பழையபஞ்ச்
6 மி.மீ.க்கு 2 மீட்டர் என்பது முழுச் சுமை. 3க்கு முக்கால் சுமையோடு நிறுத்தியவர் இங்கே மட்டும் ஏன் நிறுத்தவில்லை? 1.5 என்று போடுங்கள்.

கத்தரிக்காரர்
முதலாளி என்ன சொன்னார்?