கடைப் பெயரில் போகும் எஸ்எம்எஸ்: "STOP" அனுப்பியும் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

கல்முனைப் புடவைக்கடை:
எங்கட கடையில பில் போடேக்க போன் நம்பர் கேட்டு வாங்குவம். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கடைப் பெயரில எஸ்எம்எஸ் போகும். கீழே "நிறுத்த STOP என்று பதில் அனுப்பவும்" என்று இருக்கு. ஒரு அக்கா போன பெருநாளைக்கே வேணாம் என்று சொல்லி, அவவின்ர நம்பரை அழிச்சாச்சு. இந்த முறையும் அவவுக்குப் போயிருக்கு. கடைக்கு வந்து ஏசிற்றுப் போறா. எங்க பிழைக்குது?

செங்கலடி தம்பி:
STOP என்று இருந்தாலே போதும் அண்ணன். தரவுப் பாதுகாப்புச் சட்டம் பகுதி பகுதியாத்தானே நடைமுறைக்கு வருது. இப்ப யாரும் கேக்க மாட்டாங்க.

காத்தான்குடி நானா:
நான் சாப்பாட்டுப் பார்சல் ஓடர் எடுக்க வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கன். அதில இருந்து ஆக்கள் விலகிப் போனா திருப்பிச் சேர்க்கலாமா?

கல்லடி அக்கா:
கடைகளுக்கு இந்த வேலைதான் செய்து குடுக்கிறன், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன்.

முதல்ல STOP. எண்ணுக்குப் பதிலா கடைப் பெயர் தெரியிற மாதிரிப் போற எஸ்எம்எஸ்ஸுக்கு யாரும் பதில் அனுப்பேலாது. அது ஒருவழிப் பாதை. அந்த அக்கா எத்தனை தரம் STOP அடிச்சாலும் உங்களுக்கு வராது.

தம்பி சொன்னதில பாதி சரி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டம் கட்டமாத்தான் வருது. ஆனா அது கேக்கிறது தெளிவு: ஆளின்ர சம்மதம் வேணும். எப்பிடி நிறுத்துறது என்று நம்பர் வாங்கேக்கயும் சொல்லணும், ஒவ்வொரு செய்தியிலயும் சொல்லணும். நிறுத்துறதுக்கு ஆளுக்குச் செலவு வரக்கூடாது. வேலை செய்யாத STOP இதில எதையும் நிறைவேற்றாது.

நான் செய்யிற வழி, இதுக்கென்றே ஒரு சிம். மிஸ்ட் கால் குடுத்தா காசு போகாது, கோல் லிஸ்டில நம்பரும் தானா விழும்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸில ஒரு பாகத்துக்கு 70 எழுத்துத்தான் பிடிக்கும், அதிலயும் "நி" இரண்டாக் கணக்காகும். "நிறுத்த: மிஸ்ட் கால் 07XXXXXXXX" என்ற வரிக்கே 31 போகும். மிச்சம் 39. அதாலதான் கனபேர் இந்த வரியை வெட்டிப் போடுறாங்க. வெட்டாதேங்க, இரண்டு பாகமா அனுப்புங்க. இரண்டாப் பிரிச்சா ஒரு பாகத்துக்கு 67தான், சேர்த்து 134 வரும்.

இனி அழிச்ச நம்பர் ஏன் திரும்பி வந்தது? அழிச்சதாலதான். அவ பிறகும் வந்து சேலை எடுத்திருப்பா, பில்லில நம்பர் விழுந்திருக்கும், அங்கயிருந்து பட்டியலுக்குப் புதுசா ஏறியிருக்கும். வேணாம் என்றவங்கட நம்பரை எக்செல்லில `Stop` என்று ஒரு தாளில வைங்க. ஒவ்வொரு முறையும் அனுப்ப முன்னம் அதோட ஒப்பிடுங்க. அந்தத் தாளில நம்பர் மட்டும் போதும், பெயர், விலாசம் ஒன்றும் வேணாம்.

கல்முனைப் புடவைக்கடை:
விளங்குது அக்கா. ஆனா அப்பிடியொரு தாள் ஏற்கனவே இருக்கு. அதில 077 என்று அடிச்சிருக்கம், பில் மெஷினில +9477 என்று வருது.

கல்லடி அக்கா:
அப்ப அதுவும் ஒரு காரணம். எக்செல்லுக்கு அவை இரண்டும் வேற வேற நம்பர். முன் பூச்சியத்தை அது தின்னிற்றா மூன்றாவது வடிவமும் வந்திரும். கடைசி 9 இலக்கத்தை மட்டும் எடுத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாங்க:

```
B2: ="94"&RIGHT(SUBSTITUTE(A2," ",""),9)
C2: =COUNTIF(Stop!B:B,B2)
```

`Stop` தாளின்ர B நிரலுக்கும் முதல் வரியைப் போடுங்க. நடுவில கோடு போட்ட நம்பர் இருந்தா முதல்லயே கோட்டை எடுத்திருங்க. C-யில 0 வாறவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. அந்த அக்காட நம்பருக்கு 0 வந்தா இன்னும் பொருந்தேல்ல என்று அர்த்தம்.

நானா, விலகினவரைத் திருப்பிச் சேர்க்காதேங்க. குரூப்பில ஒருத்தர்ர நம்பர் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின்ர நம்பர் அப்பிடித்தான் தெரியாத ஆக்களிட்டப் போகுது. பிரோட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறுங்க. உங்கட நம்பரைச் சேமிச்சவங்களுக்கு மட்டுந்தான் போய்ச் சேரும், அது நல்லதுதான்.

காத்தான்குடி நானா:
ஆனா குரூப்பில ஒருத்தர் ஓடர் போட்டா அதைப் பார்த்து மற்றவரும் போடுவார். லிஸ்டில அது நடக்காதே.

கல்முனைப் புடவைக்கடை:
பழைய பில்லுகளில கன நம்பர் கிடக்கு, அவங்களிட்ட ஒன்றும் கேட்டு வாங்கேல்ல. "செய்தி அனுப்பலாமா" என்று ஒரே ஒரு எஸ்எம்எஸ் போட்டுக் கேக்கலாமா?

செங்கலடி தம்பி:
ஒருக்காத்தானே, கேளுங்க.

கல்லடி அக்கா:
நான் போடமாட்டன். கேக்கிற செய்தியும் கடைச் செய்திதான், பதில் வராததைச் சம்மதமாவும் எடுக்கேலாது. அவங்க அடுத்த முறை வரேக்க கவுண்டரில கேளுங்க: "பில்லுக்கு நம்பர் வேணும். கழிவு வந்தா எஸ்எம்எஸ் போடவா, வேணாமா?" வேணும் என்றா அண்டைய திகதியோட குறிச்சு வைங்க. வேணாம் என்றாலும் பில்லைக் குடுங்க.

கல்முனைப் புடவைக்கடை:
பார்த்தன். அக்காட நம்பருக்கு இப்ப 1 வருது. பழைய நம்பருகளைப் பற்றி முதலாளியிட்டக் கதைக்கணும், அவர் லேசில விடமாட்டார்.