ப்ரொபேஷனில் வேலை போகிறது: நோட்டீஸ் இரண்டு வாரமா, மூன்று மாதமா?

நெக்கர்கரை | 20 மார்ச் 2025

ஸ்டுட்கார்ட்டில் சுமார் 140 பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கடந்த அக்டோபர் 1 அன்று சேர்ந்தேன். மாதம் 4,800 யூரோ, பிடித்தம் போவதற்கு முன். ப்ளூ கார்டில் இருக்கிறேன். ப்ரொபேஷன் ஆறு மாதம், மார்ச் 31 அன்று முடிகிறது.

இன்று மதியம் எச்.ஆர். மின்னஞ்சலில் ஒரு பி.டி.எஃப். வந்தது. ப்ரொபேஷனுக்குள் வேலையை முடித்துக்கொள்கிறார்களாம், ஏப்ரல் 3 கடைசி நாளாம். காரணம் எதுவும் எழுதவில்லை. கூடவே இன்னொரு தாளும் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் அரை மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் நோட்டீஸ் மூன்று மாதம் என்று இருக்கிறது. அது எனக்கும் பொருந்துமா? இன்னொன்று: அக்டோபரிலிருந்து எழுபது மணி நேரம் போல கூடுதலாக உழைத்திருக்கிறேன். "கூடுதல் வேலை அனைத்தும் சம்பளத்திலேயே அடங்கும்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் அதுவும் போச்சா?

மியூனிக் மாமா

தம்பி, ஜெர்மனியில் ப்ரொபேஷன் என்றால் இரண்டு வாரம்தான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மூன்று மாதம் என்பதெல்லாம் ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு. ஆனால் ஒரு நல்ல செய்தி: அவர்கள் சொல்லும் கடைசி நாள் ஏப்ரல் 3, உங்கள் ப்ரொபேஷன் முடிவது மார்ச் 31. வேலை முடியும் நாள் ப்ரொபேஷனைத் தாண்டிப் போய்விட்டதால் அந்த நீக்கமே செல்லாது.

ரைன் ராசாத்தி

எனக்கும் இதே பிரச்சினைதான்! புது வேலை கிடைத்துவிட்டது, ப்ரொபேஷனிலேயே விலகப் போகிறேன். எச்.ஆருக்கு மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பிவிட்டேன், போதும்தானே?

வுப்பர்டால் அண்ணன்

தம்பி, முதலில் ஒன்று: அந்த இரண்டாவது தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை போனாலும் பரவாயில்லை. தலைப்பில் "ஔஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்" என்று இருந்தால், அது நீங்களும் சேர்ந்து சம்மதித்து வேலையை முடிக்கும் ஒப்பந்தம். அதில் கையெழுத்து வைத்த பிறகு நோட்டீஸ் காலத்தைப் பற்றிக் கதைக்கவே இடமில்லை. "கடிதம் கிடைத்தது" என்று மட்டும் கையெழுத்துக் கேட்டால் அது வேறு விஷயம், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

மியூனிக் மாமா சொன்னதில் முதல் பாதி பொதுவாகச் சரி. சிவில் சட்டத்தின் 622ஆம் பிரிவில் அந்த இரண்டு கிழமை இருக்கிறது. இரண்டாவது பாதி பிழை. கடிதம் ப்ரொபேஷன் முடிவதற்குள் உங்கள் கைக்கு வந்தால் போதும், வேலை முடியும் நாள் அதற்குப் பின்னால் விழலாம்.

ஆனால் வந்தது பி.டி.எஃப். அல்லவா? வேலை நீக்கம் தாளில், பேனாக் கையெழுத்தோடு வர வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ செல்லாது, 623ஆம் பிரிவு. (தங்கச்சி ராசாத்தி, உங்கள் ராஜினாமாவுக்கும் அதே விதிதான். இன்றே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள்.)

தம்பி, தாள் வந்ததா? நிறுவனத்தில் தொழிலாளர் குழு இருக்கிறதா? அதோடு, ஒப்பந்தத்தில் ப்ரொபேஷன் வரியையும் நோட்டீஸ் வரியையும் ஒரு சொல் விடாமல் இங்கே போடுங்கள். சுருக்கிச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு சொல்லில் எல்லாம் மாறும்.

நெக்கர்கரை

தாள் இன்னும் வரவில்லை, தபாலில் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். தொழிலாளர் குழு கிடையாது. வரிகள் இவைதான், நானே தமிழில் பெயர்த்திருக்கிறேன்:

பிரிவு 2: "வேலை 1.10.2024 அன்று தொடங்குகிறது. முதல் ஆறு மாதங்கள் ப்ரொபேஷன் காலமாகக் கருதப்படும்."

பிரிவு 11: "இரு தரப்பினரும் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, மாத இறுதியில் முடியும்படி வேலை உறவை முறித்துக்கொள்ளலாம். முறிப்பு எழுத்து வடிவில் இருக்க வேண்டும்."

மியூனிக் மாமா

சரிதானே, பிரிவு 2 ப்ரொபேஷனுக்கு, பிரிவு 11 அதற்குப் பிறகு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வுப்பர்டால் அண்ணன்

எல்லோருக்கும் தெரியும் என்று நிறுவனம் நினைக்கும். நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை.

2017 மார்ச் 23 அன்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு இருக்கிறது, எண் 6 AZR 705/15. ஒரு விமானப் பணியாளர், ஆள் அனுப்பும் நிறுவனம் மூலமாக 2014 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவில் ஆறு மாத ப்ரொபேஷன், இன்னொரு பிரிவில் ஆறு கிழமை நோட்டீஸ், மாத இறுதியில். இரண்டுக்கும் நடுவில் தொடர்பு எதுவும் எழுதவில்லை. 2014 செப்டம்பர் 5 அன்று, இரண்டு கிழமைக் கணக்கில் செப்டம்பர் 20 முதல் நீக்கினார்கள். சட்டம் படிக்காத ஒரு சாதாரண ஊழியர் அந்த ஒப்பந்தத்தைப் படித்தால், அதில் எழுதியிருக்கும் ஒரே நோட்டீஸ் காலம் முதல் நாளிலிருந்தே பொருந்தும் என்றுதான் விளங்கிக்கொள்வார் என்றது நீதிமன்றம். வேலை அக்டோபர் 31 வரை நீடித்ததாகத் தீர்ப்பு.

உங்கள் பிரிவு 11இல் "ப்ரொபேஷன் முடிந்த பிறகு" என்ற சொற்கள் இருந்திருந்தாலோ, பிரிவு 2இல் "இக்காலத்தில் நோட்டீஸ் இரண்டு கிழமை" என்று ஒரு வரி இருந்திருந்தாலோ நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். நல்ல ஒப்பந்தங்களில் அந்த வரி இருக்கும். உங்கள் நிறுவனம் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறது போல.

நெக்கர்கரை | 27 மார்ச்

இன்று தபால் பெட்டியில் தாள் கிடந்தது. கையெழுத்து உண்டு. கடைசி நாள் இன்னமும் ஏப்ரல் 3 என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டாவது தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை.

வுப்பர்டால் அண்ணன்

அப்போது கணக்கு இன்றிலிருந்து. அவர்களுடைய இரண்டு கிழமைக் கணக்கே சரியென்று வைத்தாலும் ஏப்ரல் 10 வரை போகும், 3 என்பது எப்படியும் பிழை. மூன்று மாதக் கணக்கென்றால் ஜூன் 27, அது மாத இறுதிக்குத் தள்ளி ஜூன் 30. ஏப்ரல் 4 முதல் ஜூன் 30 வரை, பிடித்தத்துக்கு முன் கிட்டத்தட்ட 13,900 யூரோ. அவர்கள் நீட்டிய அரை மாதச் சம்பளம் 2,400.

வேலையையே காப்பாற்றலாம் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். காரணம் கேட்கும் உரிமை தரும் சட்டம் ஆறு மாதம் நிறைந்த பிறகுதான் வருகிறது. தாள் மார்ச் 31க்குள் வந்துவிட்டது. தபால்காரர் ஏப்ரல் 1 அன்று போட்டிருந்தால் இந்த இழையே வேறு மாதிரிப் போயிருக்கும், 140 பேர் உள்ள இடம் என்பதால் அந்தச் சட்டமும் பொருந்தியிருக்கும்.

இன்றிலிருந்து மூன்று கிழமை, அதாவது ஏப்ரல் 17க்குள் ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். நோட்டீஸ் காலத்தை மட்டும் எதிர்ப்பதற்கு அந்தக் கெடு கட்டாயமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. அந்த விவாதத்தில் உங்கள் காசை வைக்க வேண்டாம். வக்கீல் இல்லாமலே போகலாம், மனு எழுதித்தர அங்கேயே ஒரு பிரிவு இருக்கிறது. வக்கீல் வைத்தால் முதல் கட்டத்தில் வென்றாலும் அவர் செலவு உங்களுடையதுதான், அதை மனதில் வையுங்கள்.

கார்ல்ஸ்ரூ கணக்கு

நான் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன், கூடுதல் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. "அனைத்தும் அடங்கும்" என்ற வரியை கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2010இலேயே செல்லாது என்றது. எத்தனை மணி நேரம் இலவசமாக உழைக்கப்போகிறோம் என்று கையெழுத்துப் போடுபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? "மாதத்தில் முதல் 20 மணி நேரம் அடங்கும்" என்று எண் போட்டிருந்தால் செல்லும். ஓய்வூதியக் காப்பீட்டு வரம்பைத் தாண்டிய சம்பளக்காரர்கள், 2025இல் மாதம் 8,050 யூரோ, பொதுவாகக் கூடுதல் நேரத்துக்குக் காசு எதிர்பார்க்க முடியாது. நீங்கள் அதற்குக் கீழே.

ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "மூன்று மாதத்துக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். முக்கால்வாசி ஒப்பந்தங்களில் இருக்கும்.

நெக்கர்கரை

இருக்கிறது, பிரிவு 14. உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று மாதம், மின்னஞ்சலும் போதுமாம். அக்டோபர், நவம்பரில் 28 மணி நேரம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 42. சம்பளம் மாதக் கடைசி நாளில் வரும்.

கார்ல்ஸ்ரூ கணக்கு

அப்படியானால் அந்த 28ஐ மறந்துவிடலாம் என்று நினைக்கிறேன். டிசம்பர் பங்கு மார்ச் 31 அன்று கெடு முடிகிறது, எனவே இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாம் போட்டு, தொகையையும் எழுதுங்கள். 4,800ஐ 173.3 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 27.70 யூரோ, 42க்குச் சுமார் 1,163.

கடினமான இடம் அடுத்தது. நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள் என்று காட்டினால் போதாது. மேலாளர் சொல்லியோ, அவருக்குத் தெரிந்து அவர் தடுக்காமலோ அந்த வேலை நடந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் சொந்த எக்ஸெல் தாள் மட்டும் இருந்தால் தடுமாறும்.

நெக்கர்கரை

மாலை ஆறு மணிக்கு மேல் "நாளைக் காலைக்குள் வேண்டும்" என்று மேலாளர் அனுப்பிய செய்திகள் ஒன்பதோ பத்தோ இருக்கும். மற்ற நாட்களுக்கு ஒன்றும் இல்லை.

கார்ல்ஸ்ரூ கணக்கு

அந்த ஒன்பது பத்து நாள் வலுவாக நிற்கும். மீதியை நீதிமன்றத்தில் பேரம் பேசும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைன் ராசாத்தி

என் ஒப்பந்தத்திலும் இதே மாதிரி இரண்டு பிரிவு தனித்தனியாக இருக்கிறது! அப்படியானால் நானும் மூன்று மாதம் இருந்தாக வேண்டுமா? புது இடத்தில் மே 1 அன்று சேர வேண்டும்.

மியூனிக் மாமா

இரு தரப்புக்கும் என்றுதானே எழுதியிருக்கிறது. அவருக்கு மூன்று மாதம் என்றால் உங்களுக்கும் அதேதான்.

வுப்பர்டால் அண்ணன்

அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. குழப்பமான வரியை எழுதியது நிறுவனம், அந்தக் குழப்பம் எழுதியவருக்கு எதிராகத்தான் போகும். அந்த அடிப்படையில் தங்கச்சி இரண்டு கிழமையைக் கோரலாம் என்பது என் எண்ணம். மாமா சொல்வதுபோல வாதாடும் வக்கீலும் கிடைப்பார். நடைமுறையில், போகிறேன் என்பவரைப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு ஆசை இருக்காது, நாளைப் பேசி எழுத்தில் வாங்குங்கள்.

நெக்கர்கரை தம்பி, இன்னும் இரண்டு: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று நாளுக்குள் பதியுங்கள். பன்னிரண்டு மாதம் காப்பீடு கட்டியிருக்காவிட்டால் வேலையில்லாக் காலப் பணம் வராது, என்றாலும் பதியுங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு கிழமைக்குள் எழுத வேண்டும். எழுதும்போது "நிறுவனம் சொல்லும் கடைசி நாள் ஏப்ரல் 3, நான் அதை எதிர்க்கிறேன்" என்று குறிப்பிடுங்கள்.

நெக்கர்கரை | 14 மே

அண்ணன், சமரச விசாரணை முடிந்தது. நீதிபதி அந்தத் தீர்ப்பு எண்ணைத் தானாகவே சொன்னார், நான் வாயே திறக்கவில்லை. மே 31 வரை சம்பளம், கூடுதல் நேரத்துக்கு மொத்தமாக 600 யூரோ, நல்ல சான்றிதழ் என்று முடித்துக்கொண்டோம். ஜூன் மாதத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். புது வேலை ஜூன் 1 தொடங்குகிறது.

மியூனிக் மாமா

ஜூன் சம்பளத்தையும் விட்டிருக்கக் கூடாது.