அக்கா 2014-லேயே விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துவிட்டார். இப்போது மறுபடி கையெழுத்து கேட்கிறார்கள், ஏன்?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா கிரயம் வாங்கிய 2400 சதுர அடி மனை, அதில் பழைய ஓட்டு வீடு. அப்பா 2012-ல் உயில் எழுதாமல் இறந்தார். அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பிள்ளைகள். அக்காவைப் புதுச்சேரியில் கொடுத்திருக்கிறோம். 2014-ல் அக்கா ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு, தன் பாகத்தை எனக்கும் அண்ணனுக்கும் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்தார். பட்டா அம்மா, அண்ணன், நான் மூவர் பெயரில் இருக்கிறது.

இப்போது வீட்டை இடித்துக் கட்ட லோன் கேட்டால், வங்கி வக்கீல் "அக்கா மறுபடி எழுதித் தர வேண்டும்" என்கிறார். பழைய பத்திரத்திலேயே "இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்று தெளிவாக இருக்கிறது. வில்லங்கமும் சுத்தம். வக்கீல் வீணாக இழுத்தடிக்கிறாரா?

நெய்வேலி மணி:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏமாற்றி வாங்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டாள், நாலு வருடம் அலைந்தோம். உங்கள் அக்காவும் அப்படி ஏதாவது போட்டிருக்கிறாரா பாருங்கள்.

கெடிலக்கரை:
ஐயோ, வழக்கெல்லாம் இல்லை சார். போன தீபாவளிக்குக்கூட அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

பத்திர எழுத்தர் (ஓய்வு):
தம்பி, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பட்டாவில் அம்மா பெயர் இருக்கிறது என்கிறீர்கள். அம்மா இருக்கிறார்களா?

கெடிலக்கரை:
இல்லை ஐயா, 2023-ல் தவறிவிட்டார்கள். உயில் எதுவும் எழுதவில்லை. வங்கியில் கேட்டதால் அம்மாவுக்கும் வாரிசுச் சான்று வாங்கிக் கொடுத்தோம், அதன் பிறகுதான் வக்கீல் இப்படிச் சொன்னார்.

பத்திர எழுத்தர் (ஓய்வு):
அப்படியானால் வக்கீல் சொன்னது சரி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்பா இறந்த அன்று அவர் சொத்து உங்கள் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. ஆளுக்கு கால் பாகம், அதாவது 600 சதுர அடி. 2014-ல் அக்கா விட்டுக் கொடுத்தது அந்தக் கால் பாகத்தை மட்டும்தான். அம்மாவின் 600 அம்மாவிடமே இருந்தது. அதனால்தான் பட்டாவிலும் அவர் பெயர் நின்றது. அம்மா இறந்ததும் அந்த 600 மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 200 என்று இறங்கிவிட்டது. மகளும் அதில் ஒரு வாரிசு. ஆக இன்றைய தேதியில் உங்களுக்கு 1100, அண்ணனுக்கு 1100, அக்காவுக்கு 200. அவர் பாகம் பன்னிரண்டில் ஒன்று.

வில்லங்கச் சான்றில் இது தெரியாது. பதிவான பத்திரம்தான் அதில் ஏறும், இறப்பு ஏறாது. வாரிசுச் சான்றில் மூன்று பெயரைப் பார்த்ததும் வக்கீல் பிடித்துவிட்டார்.

கெடிலக்கரை:
அந்த "இனி யாதொரு பாத்தியமும் கிடையாது" என்ற வரிக்கு மதிப்பே இல்லையா?

பத்திர எழுத்தர் (ஓய்வு):
அது நாங்கள் எல்லாப் பத்திரத்திலும் எழுதுகிற வரி. நானே ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். அன்று கையில் இருக்கிற பாத்தியத்தைத்தான் அது விடும். அம்மா உயிரோடு இருக்கும்போது அவர் பாகத்தில் மகளுக்கு இருந்தது வெறும் எதிர்பார்ப்பு. அம்மா நினைத்திருந்தால் அதை விற்றிருக்கலாம், கோயிலுக்கு எழுதியிருக்கலாம். நாளைக்கு வாரிசாக வரலாம் என்கிற நம்பிக்கையை இன்றைக்கே மாற்றிக் கொடுக்க முடியாது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

சட்டம் படிக்கிறேன்:
முழுக்க அப்படிச் சொல்ல முடியாது ஐயா. வருங்கால வாரிசுரிமையைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டவர் பிறகு அதை மறுத்துக் கேட்க முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இவர் அக்காவும் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறாரே! மறுபடி பத்திரமே தேவையில்லை.

பத்திர எழுத்தர் (ஓய்வு):
தீர்ப்பு உண்மைதான் தம்பி. ஆனால் அந்த வழக்கில் எதிர்பார்ப்பை விடுவதற்கென்றே பணம் கைமாறியது. இங்கே ஒன்றரை லட்சம் எதற்கு என்று பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கெடிலக்கரை:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "எனது தகப்பனார் வகையில் எனக்குப் பாத்தியப்பட்ட 1/4 பாகத்துக்கு" என்று இருக்கிறது.

பத்திர எழுத்தர் (ஓய்வு):
பார்த்தீர்களா, தாயார் வகை என்ற பேச்சே இல்லை. நீதிமன்றத்தில் வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம். வாதத்தை நம்பி எந்த வங்கியும் லோன் தராது.

திருப்பாப்புலியூர் ராஜா:
அக்கா புதுச்சேரிதானே, அங்கேயே முத்திரைத்தாள் வாங்கிப் பதிந்துவிடலாம். கட்டணமும் குறைவாக இருக்கும்.

பத்திர எழுத்தர் (ஓய்வு):
கூடாது. மனை கடலூரில் இருக்கிறது, தமிழ்நாட்டு முத்திரைதான் செல்லும், பதிவும் இங்கேதான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், இதற்குப் பவர் பத்திரம்கூட வேண்டாம்.

செலவும் பெரிதில்லை. உங்கள் தெரு வழிகாட்டி மதிப்பை tnreginet.gov.in-ல் பாருங்கள். பேச்சுக்கு அடி 1500 என்று வைத்தால் 200 அடிக்கு மூன்று லட்சம். குடும்பத்துக்குள் விடுதலை என்பதால் முத்திரை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், மூவாயிரமும் மூவாயிரமும். ஓட்டு வீட்டின் மதிப்பிலும் அந்தப் பாகத்துக்கு உள்ளது சேரும். 2023 ஜூலையில் உச்சவரம்பை நாற்பதாயிரம், பத்தாயிரம் என்று ஏற்றினார்கள், உங்களுக்கு அது எட்டாது.

எழுதும்போதுதான் கவனம். பழைய பத்திரத்தைக் கொடுத்து "இதே மாதிரி ஒன்று அடியுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். நிறைய பேர் அதில்தான் கோட்டை விடுவார்கள். அப்படி அடித்தால் மறுபடி கால் பாகம் என்றே வரும். 600 அடிக்குக் கட்டணம் போகும், தாயார் வகைப் பாகம் காகிதத்தில் அப்படியே கிடக்கும். அப்பா இறந்தது, 2014 பத்திரத்தின் எண், அம்மா உயிலில்லாமல் இறந்தது, "தாயார் வகையில் எனக்குக் கிடைத்த 1/12 பாகம்" என்று வரிசையாக வர வேண்டும். இருவருக்கும் சமமாக விட்டால் உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி ஆகிவிடும். அப்புறம் பட்டாவில் அம்மா பெயரை நீக்க மனுக் கொடுங்கள்.

வில்லியனூர்க்காரி:
ஐயா, எங்கள் வீட்டில் அப்பா போய் ஆறு மாதம்தான் ஆகிறது, அம்மா இருக்கிறார். தம்பிகள் என்னிடம் விடுதலை கேட்கிறார்கள். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. நாளைக்கு நானும் ரெண்டு தடவை போடணுமா?

பத்திர எழுத்தர் (ஓய்வு):
அம்மாவும் நீங்களும் சேர்ந்து ஒரே பத்திரத்தில் இருவர் பாகத்தையும் விட்டால் ஒரு தடவையோடு முடியும். புதுச்சேரிக் கட்டணத்தை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அம்மாவிடம் அவசரப்பட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள் அம்மா. விட்டுவிட்டால் சொந்த வீட்டிலேயே அவருக்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. அவர் பாகத்தைத் தனியாக செட்டில்மென்ட் எழுதி, ஆயுள் வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை அதிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

வில்லியனூர்க்காரி:
அம்மா எழுதவே மாட்டேன் என்றால்?

பத்திர எழுத்தர் (ஓய்வு):
அது அவர் சொத்து. தம்பிகள் காத்திருக்க வேண்டியதுதான்.

கெடிலக்கரை:
அக்காவிடம் போனில் சொன்னேன். "200 அடிதானே, வந்து போட்டுட்டுப் போறேன்" என்றார். பக்கத்தில் அத்தான் குரல் கேட்டது, "இப்ப அங்க அடி என்ன விலை போகுதுன்னு கேளு" என்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் நேரில் போகிறோம்.