ஒரு நிமிட சார்ட்டில் 12 புள்ளி: பணம் எங்கே போகிறது?

வைகைக்கரை: 2025 மார்ச்சில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் ஒரு லாட் மட்டும் வைத்து ஒரு நிமிட சார்ட்டில், சில புள்ளி லாபத்துக்கு உடனுக்குடன் வாங்கி விற்கும் ஸ்கால்பிங் செய்தேன். இலக்கு 12 புள்ளி, ஸ்டாப் லாஸும் 12 புள்ளி. நூற்றுக்கு 56 முறை இலக்கு கிடைக்கும் என்று கண்டிருந்தேன். ஆனாலும் கணக்கில் நஷ்டம். உத்தி தவறா, தரகர் கூடுதலாகப் பிடிக்கிறாரா?

பழைய கணக்கர்: இரண்டும் இல்லை. நூற்றுக்கு 56 என்றால் செலவுக்கு முன் ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக ஒன்றரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவாகத்தான் உங்கள் கைக்கு வரும். செலவு எவ்வளவு என்று பாருங்கள். அந்த மார்ச்சில் லாட் 75; நிஃப்டி 23,000 என்றால் ஒப்பந்த மதிப்பு 17.25 லட்சம். விற்கும்போது எஸ்.டி.டி. என்னும் பரிவர்த்தனை வரி அப்போது 0.02 சதவீதம், அதாவது 345 ரூபாய். வாங்கி விற்ற இரண்டுக்கும் சேர்த்துச் சந்தைக் கட்டணம் சுமார் 60, முத்திரைத் தீர்வை 35, தரகு 40, ஜி.எஸ்.டி.யும் செபி கட்டணமும் 22. மொத்தம் ஏறத்தாழ 500 ரூபாய். அதை 75-ஆல் வகுத்தால் 6.7 புள்ளி. ஒன்றரைப் புள்ளி சம்பாதிக்க ஆறே முக்கால் புள்ளி கொடுத்திருக்கிறீர்கள். தரகு அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. தரகே வாங்காத நிறுவனத்துக்கு மாறினாலும் நஷ்டம் நிற்காது.

லிமிட் ராஜா: வரியைத் தவிர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட்டைத் தவிர்க்கலாமே? மார்க்கெட் ஆர்டர் போடுவதால்தான் ஒரு புள்ளிக்கு மேல் வீணாகிறது. வாங்கும் விலையில் லிமிட் ஆர்டர் வைத்துக் காத்திருந்தால் அந்த ஸ்ப்ரெட் நமக்கே கிடைக்கும்.

பழைய கணக்கர்: பாதி சரி. எந்த நேரத்தில் உங்கள் ஆர்டர் நிறைவேறுகிறது என்று கவனித்தீர்களா? 23,014.50-ல் வாங்கக் காத்திருக்கிறீர்கள். விலை மேலே பாய்ந்தால் ஆர்டர் அப்படியே கிடக்கும். லாபம் தந்திருக்க வேண்டிய வர்த்தகம் கைவிட்டுப் போகும். விலை சரியும்போது மட்டும் தவறாமல் நிறைவேறும். ஆகவே ஸ்ப்ரெட்டில் மிச்சம் பிடித்ததை, கிடைக்கும் வர்த்தகங்களின் தரத்தில் இழக்கிறோம். வைகைக்கரை சொன்ன 56 அப்படியே நிற்காது.

லிமிட் ராஜா: நான் நாள் முழுவதும் ஆர்டர் வைப்பதில்லை. காலை 11 மணிக்கு மேல், சந்தை அடங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் விலை போய்த் திரும்பி வருகிறது. என் அனுபவம் வேறு.

மாலதி: எனக்கு இவ்வளவு செலவு ஆனதே இல்லை. ஒரு சுற்றுக்கு 70 ரூபாய்க்குள்தான். 150 ரூபாய் பிரீமியத்தில் வாங்கி விற்கிறேன். உங்கள் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

பழைய கணக்கர்: நீங்கள் சொல்வது ஆப்ஷன், அம்மா. அங்கே வரி பிரீமியத்தின் மீதுதான். ஒப்பந்த மதிப்பின் மீது இல்லை. ஆகவே உங்கள் 70 ரூபாயும் சரி, அவருடைய 500 ரூபாயும் சரி. அப்போதைய விகிதப்படி உங்களுக்கு எஸ்.டி.டி. 11 ரூபாய்தான்; தரகு 40. தனிநபர் வணிகர்களைப் பற்றி 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்விலும், மூன்றாண்டு வர்த்தகச் செலவில் சுமார் பாதி தரகு என்றுதான் இருந்தது. உங்களுக்குத் தரகு குறைந்தால் உண்மையிலேயே பயன் உண்டு.

மாலதி: அப்படியானால் வைகைக்கரை ஆப்ஷனுக்கு வந்துவிடலாமே?

பழைய கணக்கர்: கட்டணம் குறையும். ஆனால் நிஃப்டி 12 புள்ளி நகர்ந்தால் நிஃப்டி நிற்கும் விலையை ஒட்டிய ஆப்ஷன் ஏறக்குறைய 6 புள்ளிதான் நகரும். 70 ரூபாய் என்பது அதில் ஒரு புள்ளிக்கு அருகில் போய்விடும், ஸ்ப்ரெட் தனி. சந்தை துள்ளும்போது அந்த ஸ்ப்ரெட் விரியும். நாம் வெளியேற விரும்புவதும் அப்போதுதான். வெல்ல முடியாது என்று சொல்லமாட்டேன். அவருடைய 56-ஐ அங்கே புதிதாகச் சோதிக்க வேண்டும்.

வைகைக்கரை: இலக்கையே 60 ஆக்கினால்?

பழைய கணக்கர்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஸ்ப்ரெட்டையும் சேர்த்துச் செலவு 8 புள்ளி என்று வைப்போம். இலக்கும் ஸ்டாப்பும் 12 என்றால், நஷ்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 83 முறை வெல்ல வேண்டும். 60 என்றால் 57 போதும். செலவு அதேதான், அதன் மேல் நிற்கும் நகர்வுதான் பெரிதாகிறது. ஆனால் 60 புள்ளி ஒரு நிமிடத்தில் வராது. விலையின் வீச்சு காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. ஐந்து மடங்கு நகர்வுக்கு ஏறத்தாழ 25 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். அது வேறு வர்த்தகம். அங்கே உங்கள் அறிகுறி செல்லுமா என்பது எனக்குத் தெரியாது.

இன்னொன்று. அந்த 56-ஐ எப்படிக் கண்டீர்கள்? பழைய ஒரு நிமிடத் தரவில் சோதித்தா?

வைகைக்கரை: ஆம். ஒவ்வொரு நிமிடத்தின் கேண்டிலும் முடியும் விலையில் வாங்கியதாக வைத்துக்கொண்டேன்.

பழைய கணக்கர்: கேண்டில் முடிந்த விலை கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை. அது யாரோ 23,014.50-ல் விற்றதாக இருக்கலாம். அதே நொடியில் நீங்கள் வாங்கப் போனால் 23,015.80. அடுத்த கேண்டில் வாங்குவோர் பக்கம் முடிந்தால், சந்தை அசையாமலேயே 1.30 புள்ளி ஏறியதாகச் சார்ட் காட்டும். உங்கள் ஒன்றரைப் புள்ளி முழுவதும் இந்த ஊசலாக இருக்கக்கூடும். நிஜக் கணக்கின் ஆர்டர் புத்தகத்தை எடுங்கள். பொத்தானை அழுத்திய நேரத்துக் கேண்டில் விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நூறு வர்த்தகத்துக்கு எழுதுங்கள்.

வைகைக்கரை: 38 வர்த்தகம் வரை எழுதிவிட்டேன். முப்பதில் எனக்கு எதிராக இருக்கிறது.

லிமிட் ராஜா: அந்த 38-ல் 11 மணிக்குப் பிறகு நடந்தவற்றைத் தனியாகப் பிரித்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு நான் பேசுகிறேன்.