14372, 14732: அம்மா கண்டுபிடித்த 360 யூனிட்

பாலக்கோட்டு மகள்:
மின் கட்டணம் திடீரென்று ஏறினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 2023 கோடையில் என் அம்மாவுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அம்மா கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், பாலக்கோட்டில் தனியாக இருக்கிறார். ஏ.சி. கிடையாது. இரண்டு மாதத்துக்கு இருநூறு ரூபாயை ஒட்டித்தான் கட்டணம் வரும். அந்த முறை 2,318 ரூபாய் வந்தது.

ஓசூரிலிருந்து நான் வந்து அலுவலகத்தில் கேட்கிறேன் என்றேன். "பொறு கண்ணு, முதலில் கணக்கைப் பார்க்கிறேன்" என்றார். ரசீதில் முந்தைய அளவு 14186, இப்போதைய அளவு 14732, பயன்பாடு 546 யூனிட். வீட்டில் தொங்கும் வெள்ளை அட்டையில் கணக்கெடுத்தவர் தன் கையால் எழுதியிருந்தது 14372. அதன்படி பயன்பாடு வெறும் 186. அட்டையைப் பார்த்துக் கணினியில் ஏற்றிய எழுத்தர் 3-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றிவிட்டார்.

அட்டையைப் பார்க்கும் முன்பே அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மீட்டரில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த எண்ணே 14398தான். ரசீது சொல்லும் அளவை மீட்டர் இன்னும் எட்டவே இல்லை!

கடிதம் ஒரே பக்கம். இணைப்பு எண், கணக்கெடுத்த தேதி, அட்டையில் உள்ள அளவு, ரசீதில் உள்ள அளவு, கடிதம் எழுதிய நாளின் மீட்டர் அளவு. பிறகு இந்த வரிகள்: "இரண்டு அளவுகளுக்கும் வித்தியாசம் 360. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். சரியான பயன்பாடு 186 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் போக, 101 முதல் 200 வரையுள்ள வரம்பில் வரும் 86 யூனிட்டுக்கு 2.25 வீதம் 193 ரூபாய் 50 காசு ஆகிறது. திருத்தித் தரும் வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்." யார்மீதும் ஒரு குறைச்சொல் இல்லை. நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டார். எழுத்தர் அட்டையை வாங்கிப் பார்த்ததும், "டீச்சர், நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன்" என்று எழுந்து நின்றாராம். கட்டணம் 194 ரூபாயாகத் திருத்தப்பட்டது.

ஊத்தங்கரை கடைக்காரர்:
அருமையான வழி. இனி வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்த்தால் போதும், எழுத்தர் தவறா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்:
அது மட்டும் போதாது ஐயா. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் ஒன்பதில் ஒரு முறை வித்தியாசம் 9-ஆல் வகுபடத்தான் செய்யும். எங்கே தேடுவது என்று அது காட்டும், அவ்வளவுதான். டீச்சரை ஜெயிக்க வைத்தவை அட்டையும் அன்றைய மீட்டர் அளவும்.

கணக்கெடுப்பவரே அட்டையிலும் தவறாக எழுதிவிட்டால் அட்டை உதவாது. அப்போது மீட்டரைத்தான் நம்ப வேண்டும், அதுவும் உடனே படம் எடுக்க வேண்டும். டீச்சர் வீட்டில் நாளுக்கு மூன்று யூனிட்தான் ஓடுகிறது, 360 யூனிட்டைத் தொட நான்கு மாதம் ஆகும். ஏ.சி. ஓடும் வீட்டில் மீட்டர் சில வாரங்களிலேயே அந்தத் தவறான எண்ணைத் தாண்டிவிடும். பிறகு எதைக் காட்டுவீர்கள்?

இன்னொன்று. 546 என்பது 500-ஐத் தாண்டியதால், கூடுதலான யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறவில்லை. 101 முதல் 200 வரை இருந்த 2.25 விகிதமும் பறிபோய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிட்டது. கட்டணம் பன்னிரண்டு மடங்கானதில் அதற்கும் பங்கு உண்டு.

காவேரிப்பட்டினம்:
எங்கள் மீட்டர் வேகமாக ஓடுகிறது. இப்படி ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றித் தருவார்களா?

பென்னாகரம், ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்:
உங்களுடையது வேறு விவகாரம் அம்மா. ரசீதும் மீட்டரும் ஒத்துப்போனால் எழுத்தர்மேல் தவறில்லை. முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் யூனிட் ஏறினால், மீட்டரைச் சோதிக்கக் கேட்டுத் தனியாக விண்ணப்பம் கொடுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு.

ஓசூர் வாடகை வீடு:
நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது வீடு பூட்டியிருந்தது என்று பழைய அளவை வைத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த முறை நான்கு மாத யூனிட்டும் ஒரே ரசீதில் வந்தது. இரண்டாகப் பிரித்துக் கணக்கிடச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை, கெடு நாள் நெருங்கியதால் பணத்தைக் கட்டிவிட்டேன்.

பாலக்கோட்டு மகள்:
கட்டிய ரசீதும் கடித நகலும் இருக்கின்றனவா? நகலில் முத்திரை வாங்கினீர்களா? அம்மா கேட்கச் சொன்னார்.

ஓசூர் வாடகை வீடு:
ரசீது இருக்கிறது. முத்திரை வாங்கவில்லை.

பென்னாகரம், ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்:
அப்படியானால் அதே கடிதத்தை மறுபடி எழுதி விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கட்டியதை அடுத்த ரசீதுகளில் கழிக்கும்படி கேளுங்கள். பிரித்துத் தருவார்களா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.