புதுப்பிப்பு: படப்புத்தகத்துக்கான கூட்டுநிதிப் பக்கம்

என் கேள்வி: “இலக்கு 10,000 வெள்ளி என்று போட்டேன். வரைவைப் பார்க்கிறவர்கள் நம்பவில்லை. எதை மாற்றுவது?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. இலக்கு எட்டிவிட்டது.

கைகொடுத்தது அச்சக அண்ணன் சொன்ன கணக்குதான். ஓவியருக்கு 2,800, 400 பிரதி அச்சுக்கு 3,400, தபாலுக்கு 600, ஆக 6,800. கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் கட்டணமும் அட்டைக் கட்டணமும் சேர்த்து 10 விழுக்காடு வைத்தேன். அதை 6,800-இல் கூட்டக் கூடாது, வசூலாகும் மொத்தத்திலிருந்துதான் பிடிப்பார்கள் என்றார். 0.9-ஆல் வகுத்து 7,560 என்று போட்டேன். அச்சக விலைப்பட்டியலின் படத்தையும் பக்கத்தில் சேர்த்தேன். பக்கத்தைத் தொடங்கியதும் “இப்பத்தான் புரியுது” என்று அக்கா ஒருவர் எழுதி, உடனே பணமும் போட்டார்.

“தொடங்கிவிட்டு அப்புறம் திருத்தலாம்” என்ற தம்பி சொன்னது பாதி சரி. விவரத்தைத் திருத்தலாம், இலக்கைத் திருத்த முடியாது. நல்லவேளை, இலக்கை மாற்றியபோது என்னுடையது இன்னும் வரைவாகவே இருந்தது. வரிவிலக்கு பற்றிக் கேட்டவருக்கு: இது நன்கொடை இல்லை, புத்தகத்துக்கான முன்பணம்.

பணம் போடுவோருக்கான பரிசுகளில் துணிப்பையை எடுத்துவிட்டேன். 25 வெள்ளிக்கு ஒரு புத்தகம், உள்ளூர்த் தபால் உட்பட.

எதிர்பாராதது, ஜொகூரிலிருந்து 14 பேர் கேட்டதுதான். அவர்களுக்கான தபால் செலவை எப்படிச் சமாளிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.