புதுப்பிப்பு: 'பட்டப்பகல் வட்டத் திகிரியில் இரவாக'

முன்பு கேட்டிருந்தது: "'முத்தைத்தரு' திருப்புகழில் பட்டப்பகல் இரவானது எந்தக் கதை?"

கிரகணம் என்றார் காட்பாடிக்காரர் ஒருவர். பகல் இருண்டதுவரை சரி, ஆனால் 'திகிரி' என்ற சக்கரத்துக்கு அதில் வேலையில்லை. இன்னொருவர் பாட்டின் தாளத்தை விளக்கினார், கேட்டது அதுவல்ல.

துப்பு அடுத்த அடியில் இருக்கிறது. சந்தத்துக்காகப் 'பத்தற்கிர தத்தை' என்று உடைவதைப் 'பத்தற்கு இரதத்தை' என்று சேர்த்துப் படிக்க வேண்டும். பக்தனுக்குத் தேரோட்டியவன் கண்ணன் என்றால் பக்தன் அர்ச்சுனன், நாள் பாரதப்போரின் 14-ஆம் நாள். அபிமன்யு சாவுக்குப் பழியாகச் சயத்திரதனைப் பொழுது சாய்வதற்குள் கொல்வேன், தவறினால் தீப்பாய்வேன் என்பது அர்ச்சுனன் சபதம். கண்ணனின் சக்கரம் சூரியனை மறைத்ததும், பொழுது போயிற்றென்று நம்பிச் சயத்திரதன் வெளியே தலைகாட்டினான்.

ஆரணிப் பக்கத்துக் கூத்து வாத்தியார் எழுதினார்: "சயத்திரதனைச் சைந்தவன்னு சொல்லுங்க சார், திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் கேட்டவங்களுக்கு உடனே புரியும். பத்துத்தலை, மலைமத்து, சக்கரம், தேர் நாலும் 'பச்சைப்புயல்' திருமாலோட வேலை. அந்தப் பேர் கடைசியில வர்றதால முருகன்மேல ஏத்திடுறாங்க."

வியாச பாரதத்தின் பரவலான பாடத்தில் கண்ணன் யோகத்தால்தான் இருளைப் படைக்கிறான். சக்கரம் எவ்வழி வந்தது என்பதில் இங்கே இன்னும் இரண்டு கட்சி.